இரண்டு நிமிடத்தில் எதிர்ப்பு: ஆளை விட்டுவிட்டுத் தீர்மானத்தைப் பேசுவது எப்படி?

குடியிருப்போர் சங்கக் கூட்டங்களை நடுநிலையாக இருந்து நடத்திக் கொடுப்பது என் தொழில். தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்ப்பேன், தீர்மானங்களின் வாசகத்தைச் சரிபார்ப்பேன். எதிர்த்துப் பேச எழுபவர்களில் பலரிடம் நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் முதல் இருபது நொடியிலேயே அதைக் கேட்க ஆளில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். குடியிருப்பில் அடுத்தடுத்து இரண்டு சைக்கிள்கள் திருடுபோகின்றன. ‘பாதுகாப்பை முன்னிட்டுப் பின்பக்க கேட் நிரந்தரமாகப் பூட்டப்படும்’ என்று ஒரு தீர்மானம் வருகிறது. வயதான பெற்றோர் அந்த வழியாகத்தான் நடக்கப் போவதால் உங்களுக்கு இதில் உடன்பாடில்லை. பேச எழுந்ததும் பலருக்கு வாயில் வருவது இதுதான்: “கமிட்டி எப்பவும் இப்படித்தான். எங்களை ஒரு தடவையாவது கேட்டீங்களா? யாரோ ரெண்டு பேர் வசதிக்கு நாங்க கஷ்டப்படணுமா?”

இந்த மூன்று வாக்கியத்தில் கேட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முன்மொழிந்தவர் இப்போது தன் மானத்தைக் காப்பாற்றியாக வேண்டும். சங்கத்துக்காக அவர் எவ்வளவு உழைத்தார் என்று பேச்சு திரும்பும். எந்தப் பக்கமும் சேராமல் வந்தவர்கள், திட்டு வாங்கியவர் மீது இரக்கப்பட்டுக் கை தூக்குவார்கள்.

ஆகவே எழுந்திருப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கூட்ட அறிவிப்பில் உள்ள தீர்மானத்தின் வாசகத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். கேட் பூட்டப்படுவதையே எதிர்க்கிறீர்களா, ‘நிரந்தரமாக’ என்பதையா? விடையைப் பொறுத்து நீங்கள் சபையிடம் கேட்பது மாறும். தீர்மானத்தை நிராகரிக்கச் சொல்லலாம், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லலாம், திருத்தச் சொல்லலாம். நோக்கம் இருவருக்கும் ஒன்றாக இருந்தால் திருத்தம்தான் ஜெயிக்கக்கூடியது. தகவல் போதவில்லை என்றால் தள்ளிவைக்கக் கேளுங்கள். எந்த வாசகம் போட்டாலும் தீராத கேடு இருந்தால் மட்டுமே நிராகரிப்பு. இந்த மூன்றில் எது என்று முடிவு செய்யாமல் எழுந்தால் ஆதங்கம் மட்டும்தான் வெளியே வரும். கேட்பவர்களுக்கு எதற்குக் கை தூக்குவது என்றே புரியாது.

அடுத்து, காரணம் ஒன்றே ஒன்று போதும். ஐந்து காரணம் சொன்னால் பதில் சொல்பவர் அதில் மிக நோஞ்சானதைப் பிடித்து உடைப்பார், ஐந்தும் உடைந்ததாக சபை நினைத்துக்கொள்ளும். எந்த ஒன்றை எடுப்பது? அந்த கேட்டை ஒரு நாளும் பயன்படுத்தாதவருக்கும் உறைக்கிற ஒன்றை. பெற்றோரின் நடைப்பயிற்சி உங்களுக்குப் பெரிது, மற்றவர்களுக்கு அது உங்கள் வீட்டு விஷயம். முன்வாசல் அடைபட்டால் வெளியேற வேறு வழி இல்லை என்பது எல்லோருடைய விஷயம்.

இரண்டு நிமிடம் என்பது நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய 200 சொற்கள். அதற்கும் குறைவாக எழுதி, செல்போனில் நேரம் வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள். மனதுக்குள் படித்தால் நேரம் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். கேட் விஷயத்தில் நான் எழுதித் தருவது இப்படி இருக்கும்:

“தலைவர் அவர்களுக்கு வணக்கம். இந்தத் தீர்மானத்தில் ஒரு திருத்தம் கேட்டுப் பேசுகிறேன். இரண்டு சைக்கிள்கள் போயிருக்கின்றன. பின்பக்கம் இரவில் கவனிப்பு இல்லை என்று தீர்மானத்தில் சொல்லியிருப்பது உண்மை. அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

என் கவலை ஒன்றுதான். இந்த வளாகத்துக்கு இரண்டே வாசல்கள். முன்வாசல் பக்கம் தீப்பிடித்தாலோ, அங்கே தீயணைப்பு வண்டி நின்றாலோ, நாம் அனைவரும் வெளியேறப் பின்வாசல் மட்டும்தான் இருக்கும். அந்த நேரத்தில் அது பூட்டியிருந்தால், சாவி யாரிடம் என்று தேட நேரம் இருக்காது.

அதனால் ‘நிரந்தரமாகப் பூட்டப்படும்’ என்பதை இப்படி மாற்றக் கேட்கிறேன்: ‘இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை வெளியிலிருந்து திறக்க முடியாதபடி மூடப்படும், உள்ளிருந்து எவரும் திறக்கலாம், திறந்தால் காவலர் அறையில் மணி ஒலிக்கும். மூன்று மாதம் கழித்து மறுபரிசீலனை செய்யப்படும்.’ திருத்தத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். நன்றி.”

இது ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மிச்ச நேரத்தை நிரப்பாதீர்கள். பேச்சு முழுவதும் தலைவரை நோக்கியே இருப்பதையும், எங்கும் ‘நீங்கள்’ வராததையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் நேராக விளிக்காமல் சபாநாயகரை விளித்தே பேசுவார்கள். ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணியும் பல வார்த்தைகள், நடுவில் இருப்பவரிடம் சொல்லும்போது தாமாகவே அடங்கிவிடும். முன்மொழிந்தவரை இந்தப் பேச்சு பாராட்டவும் இல்லை. அவர் சொன்னதில் உண்மையான பகுதியை உண்மை என்று ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். ‘நண்பர் மிக நல்லவர், ஆனால்…’ என்று ஆரம்பித்தால் அடி விழப்போகிறது என்று கூட்டம் அப்போதே தயாராகிவிடும்.

எழுதியதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு வாக்கியமும் யாரைப் பற்றி, எதைப் பற்றி என்று ஓரத்தில் குறியுங்கள். கேட், பூட்டு, வழி, நேரம் என்று வந்தால் சரி. கமிட்டி, செயலாளர், ‘சிலர்’ என்று வந்தால் அடித்துவிடுங்கள். ‘சிலர்’ பெயர் சொல்லாததால் மரியாதை போலத் தோன்றும். ஆனால் அது யாரைக் குறிக்கிறது என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ‘நிறைய பேர் என்கிட்ட சொன்னாங்க’ என்பதும் வேண்டாம். சொன்னவர்கள் எழுந்து பேசட்டும்.

இடையில் யாராவது குறுக்கிட்டால் குரலை உயர்த்தாமல் நிறுத்திவிட்டுத் தலைவரைப் பாருங்கள். “முடிக்க அரை நிமிடம் கேட்கிறேன்” என்றால் போதும். குறுக்கிட்டவருக்குப் பதில் சொன்னால் உங்கள் இரண்டு நிமிடம் அவருடையதாகிவிடும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. பூட்டு பொருத்தும் ஒப்பந்தம் நிர்வாகியின் உறவினருக்குப் போகிறது என்று சந்தேகம் இருந்தால், அதை இரண்டு நிமிடத்தில் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. குற்றச்சாட்டாக வைக்காமல் விதியாகக் கேளுங்கள்: மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்க வேண்டும், ஒப்பந்ததாரரோடு தொடர்புள்ளவர்கள் அதைச் சொல்லிவிட்டு வாக்களிப்பிலிருந்து விலக வேண்டும். எல்லோருக்கும் பொருந்தும் விதியை எதிர்த்துப் பேசுவது கடினம். ஆதாரம் கையில் இருந்தால், அதை எழுத்துப்பூர்வமாகக் கொடுப்பதே முறை.

பேசி முடித்ததும் திருத்தத்தின் பிரதியைத் தலைவரிடம் கொடுங்கள். வழிமொழிய ஒருவரை முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். அது இல்லாமல் பல சங்கங்களில் திருத்தம் விவாதத்துக்கே வராது. வழக்கமான நடைமுறைப்படி, திருத்தத்தின் மீது முதலில் வாக்கெடுத்துவிட்டுத்தான் மூலத் தீர்மானத்துக்கு வருவார்கள். வரிசை தவறினால் அப்போதே பணிவாகச் சுட்டிக்காட்டலாம். திருத்தம் தோற்றால், அது முன்வைக்கப்பட்டதையும் விழுந்த வாக்குகளையும் நடவடிக்கைக் குறிப்பில் பதியக் கேளுங்கள். நாளை தீயணைப்புத் துறை ஆய்வுக்கு வந்து பின்வாசலைப் பற்றிக் கேட்டால், சங்கம் மறுபடி எடுத்துப் பார்க்கப்போவது அந்தக் குறிப்பைத்தான்.