வெப்பச்சலனமா, மேற்காவுகையா? இரண்டு கண்ணாடிக்கு நடுவே மாட்டிய சொல்

போன வாரம் கதவிடுக்கில் ஒரு விளம்பரத் துண்டு கிடந்தது. டொராண்டோவில் நாங்கள் இருப்பது தமிழர்கள் நிறைந்த பகுதி என்பதால் தமிழிலேயே அச்சடித்திருந்தார்கள். ஜன்னல் மாற்றித் தருகிறவர்கள். “இரட்டை மெருகூட்டப்பட்ட சாளரங்களின் இடைவெளியில் வெப்பம் மேலெழுந்து வெளியேறுகிறது” என்று ஒரு வரி. இதே வரியை இந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது முறையாகப் படிக்கிறேன்.

முதல் பாதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிளேசிங் என்ற சொல் கிளாஸிலிருந்து வந்தது. ஜன்னலைப் பொறுத்தவரை அதற்குப் பொருள் சட்டத்தில் கண்ணாடி பொருத்துவது. மண்பாண்டத்துக்குப் பளபளப்பு ஏற்றுவது அதன் இன்னொரு பொருள், மொழிபெயர்ப்பாளர் அகராதியில் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்றால் போதும். யாரும் எதற்கும் மெருகு போடவில்லை.

இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது. காற்றோ நீரோ நகர்ந்து வெப்பத்தைக் கொண்டுபோவதற்கு ஆங்கிலத்தில் கன்வெக்‌ஷன் என்று பெயர். அதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் வெப்பச்சலனம் என்கிறது, இலங்கைப் பாடநூல் மேற்காவுகை என்கிறது. இந்த விளம்பரக்காரர் இரண்டையும் விட்டுவிட்டு “மேலெழுந்து” என்று தானாக ஒன்றைப் போட்டிருக்கிறார். மூலச்சொல் லத்தீனின் கன்வெஹெரே: ‘சேர்த்துச் சுமந்து செல்’ என்று பொருள். சுமப்பதுதான் அதில் கரு. மேலே என்பதும் இல்லை, அசைவது என்பதும் இல்லை.

வெப்பச்சலனம் என்று படித்து வளர்ந்தவன் நான். ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது “வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் மழை” என்ற வானிலை அறிக்கைதான். சரி, அது சொல்லின் குற்றமல்ல. சலனம் என்றால் வெறும் அசைவு, அதுதான் குற்றம். அசைவு இருந்தும் வெப்பம் சுமக்கப்படாத இடம் ஒன்று உண்டு. அது இந்த ஜன்னலுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 12 மில்லிமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப்பக்கக் கண்ணாடியை ஒட்டிய காற்று சூடாகி, லேசாகி, ஏறும். வெளிப்பக்கக் கண்ணாடியை ஒட்டியது குளிர்ந்து இறங்கும். உச்சியிலும் அடியிலும் திரும்பி, நீளமான ஒரு வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். செங்குத்து இடைவெளியில் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்தச் சுற்று நடக்கும். ஆனால் இடைவெளி குறுகலாக இருந்தால் காற்று கண்ணாடிக்கு இணையாகத்தான் ஓடுகிறது, குறுக்கே போவதே இல்லை. திரும்பும் இரு முனைகளைத் தவிர நடுப்பகுதி முழுக்க வெப்பம் அசையாத காற்றில் கடப்பதுபோலக் கடத்தலால்தான் கடக்கிறது. கேம்பிரிட்ஜின் ஜி. கே. பேச்சலர் 1954-லேயே இப்படி மூடிய செங்குத்து இடைவெளியை எடுத்துக்கொண்டு இதைக் கணக்கிட்டுக் காட்டினார். சலனம் முழுதாக இருக்கிறது, சுமப்பது கிட்டத்தட்டச் சுழி. இதை வெப்பச்சலனம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு மாணவனுக்கு எப்படி விளக்குவீர்கள்? “சலனம் உண்டு, ஆனால் வெப்பச்சலனம் இல்லை” என்றால் உளறலாகக் கேட்கும்.

எவ்வளவு அகலத்தில் சுமப்பது தொடங்குகிறது? ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 673, இரு கண்ணாடிக்கும் 15 டிகிரி வித்தியாசம், சராசரி 10 டிகிரி என்று வைத்துக் கணக்கிடுகிறது. நானும் போட்டுப் பார்த்தேன். சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 6 மில்லிமீட்டர் காற்று வழியாக 4.2 வாட் போகிறது. 12-இல் அது 2.1 ஆகிறது. அகலம் கூடக்கூடக் கடத்தல் குறைகிறது என்பதே காரணம். 16-இல் 1.6. அங்கேதான் வளையம் வெப்பத்தைத் தூக்கத் தொடங்குகிறது. 20-இல் 1.7, 50-இல் 1.9. அகலத்தை மூன்று மடங்காக்கினால் லாபத்துக்குப் பதில் நட்டம்! “இடைவெளி பெரிசா இருந்தா நல்லது” என்று விற்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். டொராண்டோவின் மைனஸ் இருபதில் கண்ணாடிகளுக்கு இடையே வித்தியாசம் கூடுவதால் திருப்பம் இன்னும் முன்னதாக, 13 மில்லிமீட்டரை ஒட்டி வருகிறது. இங்கே அரை அங்குல இடைவெளி பரவலாக இருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

(வெறும் கண்ணாடியானால் இடைவெளியைக் கடக்கும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு கதிர்வீச்சு. விளம்பரத் துண்டு அதைப் பற்றி மூச்சே விடவில்லை.)

இனி மேற்காவுகை. பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர். அவரிடம் துண்டைக் காட்டினேன்.

“தம்பி, உங்கட சொல்லும் சரியில்லை, இவன்ர சொல்லும் சரியில்லை. மேற்காவுகை எண்டு போட்டிருந்தா ஒரு பிழையும் இல்லை.”

“மேல் எதுக்கு அண்ணை? இந்த ஜன்னல்ல வெப்பம் பக்கவாட்டுலதானே போகுது? ஒரு பக்கம் ஏறுற காத்து மறுபக்கம் இறங்குதே.”

“மேல் எண்டா உயரம் இல்லை. காத்துக்கு மேல ஏத்திக் காவுறது.”

கெட்டிக்கார விளக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த மாணவன் அப்படிப் படிப்பான்? மேல் என்றதும் மேலேதான் பார்ப்பான். இந்த விளம்பரக்காரர் போட்ட ‘மேலெழுந்து’ம் அதே நோய்தான். கூரையில் படுக்கையாகப் பதித்த கண்ணாடியில் கீழிருந்து வெப்பம் ஏறும்போது மேல் என்பது பொருந்தும். அதே 16 மில்லிமீட்டர் இடைவெளி அப்படிப் படுத்திருந்தால் காற்று வழி இழப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. அது ஒரு வகை மட்டுமே, மொத்தத்துக்கும் பெயராக முடியாது.

ஆனால் காவுகை இருக்கிறதே, அது முத்து. காவுதல் என்றால் தோளில் சுமப்பது. காவடியில் இருக்கும் அதே கா. தண்டின் இரு முனையிலும் பாரம், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். ஜன்னல் வளையத்துக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. இலங்கையில் இது இன்றும் வாயில் புழங்கும் சொல், “பையைக் காவிக்கொண்டு போ” என்பார்கள். வெக்டர் என்பதற்கும் அவர்கள் காவி என்றே வைத்திருக்கிறார்கள், கொசுவை நோய்க்காவி என்கிறார்கள். வெக்டரும் கன்வெக்‌ஷனும் லத்தீனில் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த உறவைத் தமிழிலும் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதைக் கவனித்தபோது, நமது திசையனையும் சலனத்தையும் நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. காவு கொடுப்பது நினைவுக்கு வருகிறதே என்று தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிக்கிறார்கள். கடத்தல் என்றால் ஆள்கடத்தலும் நினைவுக்கு வரத்தான் செய்கிறது, அதற்காக யாராவது வெப்பக்கடத்தலை மாற்றினார்களா?

ஆகவே என் தீர்ப்பு: வெப்பக்காவுகை. விசிறி, பம்பு இல்லாமல் அடர்த்தி வேறுபாட்டாலேயே நடப்பதை ‘இயற்கை’ என்று சொல்லிக் காய்கறிக்கடை வாசனை வரவைக்காமல், தன்போக்கு வெப்பக்காவுகை எனலாம். விளம்பர வரி இப்படி இருந்திருக்கலாம்: “இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் இடைவெளி அகலமானால், நடுவிலுள்ள காற்று சுழன்று வெப்பத்தை வெளிக்கண்ணாடிக்குக் காவிச் செல்கிறது.”

அண்ணர் மேலை விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் காலை அவர் சமையலறை ஜன்னலைக் காட்டினேன். உள்கண்ணாடியின் அடியோரத்தில் மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு நீர் பூத்திருந்தது. விளிம்புச் சட்டத்தின் குளிரும் ஒரு காரணம், ஆனால் அது உச்சியிலும் உண்டு, உச்சி காய்ந்திருந்தது. வெளிக்கண்ணாடியோரம் குளிர்ந்து இறங்கிய காற்று அடியில் திரும்பி முதலில் தொடுகிற இடம் அதுதான். அவர் விரலால் அந்த ஈரத்தை ஒரு கோடு இழுத்தார்.

“அப்ப இது கீழ்க்காவுகையோ?” என்றார்.