‘எனத் தெரிகிறது’ என்று யார் சொன்னது?

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மாதப் பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரித் தம்பி ஒருவர், மூன்றாம் நாளே ஒரு கோப்பில் குறிப்பு எழுதிக்கொண்டு வந்து நின்றார். முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு மூதாட்டியின் மனு அது. அவருடைய குறிப்பு இவ்வளவுதான்:

“மனுதாரருக்கு வசதியான மகன் இருப்பதாகத் தெரிகிறது. அவருக்குச் சொந்த வீடும் உள்ளது. எனவே மனுவை நிராகரிக்கலாம்.”

எழுத்துப்பிழை கிடையாது, கையெழுத்தும் அழகு. படித்துவிட்டு, “தெரிகிறது என்கிறீர்களே தம்பி, யாருக்குத் தெரிகிறது?” என்று கேட்டேன். “அறிக்கையில இருக்கு சார்” என்றார். “எந்த அறிக்கை, எத்தனையாவது பக்கம்?” என்றதும் கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார். புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கோப்பு என்பது உண்மையில் இரண்டு பகுதி. வந்த மனு, அறிக்கை, நாம் அனுப்பிய கடிதத்தின் நகல் எல்லாம் ஒரு பக்கம்; அவற்றைப் பார்த்து நாம் எழுதும் குறிப்பு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தனித்தனிப் பக்க எண் உண்டு. குறிப்பைப் படிக்கும் அதிகாரி எல்லாத் தாளையும் புரட்ட மாட்டார், புரட்ட நேரமும் இருக்காது. குறிப்பில் உள்ளதை நம்பித்தான் கையெழுத்திடுவார். அந்த நம்பிக்கைக்குப் பிடிமானம் பக்க எண் ஒன்றுதான்.

இந்தக் கோப்பில் 5ஆம் பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை இருந்தது. மகன் வெளியூரில் தனியார் வேலையில் இருக்கிறார், கிராமத்தில் உள்ள வீடு மகன் பெயரில் இருக்கிறது என்று அதில் கண்டிருந்தது. தம்பியின் குறிப்பில் “அவருக்குச் சொந்த வீடும் உள்ளது” என்றிருக்கிறதே, அந்த ‘அவர்’ யார்? மகனா, மனுதாரரா? எழுதியவர் மகனை நினைத்து எழுதினார். படிப்பவர் மூதாட்டியை நினைத்துக்கொள்வார். ஒரே ஒரு சுட்டுப்பெயரில் ஒரு வீடு கைமாறிவிட்டது. அலுவலகக் குறிப்பில் அவர், அன்னார், மேற்படியார் என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று பாருங்கள். சந்தேகம் வந்தால் மனுதாரர் என்றோ மனுதாரரின் மகன் என்றோ திரும்பவும் எழுதிவிடுங்கள். அழகு குறைந்தால் குறையட்டும்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. 7ஆம் பக்கத்தில் வருவாய் ஆய்வாளரின் அறிக்கையும் இருந்தது. மகன் ஆறு ஆண்டுகளாக ஊருக்கே வருவதில்லை, பணமும் அனுப்புவதில்லை என்று அவர் எழுதியிருந்தார். அக்கம்பக்கத்தார் இருவரின் வாக்குமூலங்கள் 9, 10ஆம் பக்கங்களில் இணைக்கப்பட்டிருந்தன. தம்பி முதல் அறிக்கையைப் படித்ததும் முடிவுக்கு வந்துவிட்டார். மற்றதையும் பார்த்திருக்கிறார், ஆனால் அது தன் முடிவுக்கு ஒத்துவராததால் குறிப்பில் சேர்க்கவில்லை. கெட்ட எண்ணம் இல்லை. கல்லூரியில் கட்டுரை எழுதும் பழக்கம் அப்படி: ஒரு நிலைப்பாட்டை எடுத்து அதற்கு ஆதரவானதை அடுக்குவோம். குறிப்பில் அதைச் செய்தால் முடிவெடுக்க வேண்டியவரின் கண்ணைக் கட்டிவிடுகிறோம்.

நான் பென்சிலால் திருத்தித் தந்த குறிப்பு ஏறக்குறைய இப்படி இருந்தது:

“மனுதாரர் தமக்கு வழங்கப்பட்டு வந்த முதியோர் உதவித்தொகை மார்ச் மாதம் முதல் நிறுத்தப்பட்டதாகவும், மீண்டும் வழங்குமாறும் கோரியுள்ளார் (பக்கம் 1). மனுதாரரின் மகன் தனியார் பணியில் உள்ளார் எனவும், கிராமத்தில் உள்ள வீடு மகன் பெயரில் உள்ளது எனவும் கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை அளித்துள்ளார் (பக்கம் 5). மகன் ஆறு ஆண்டுகளாக ஆதரவு அளிக்கவில்லை என வருவாய் ஆய்வாளர் அறிக்கை அளித்துள்ளார் (பக்கம் 7). இரு சாட்சிகளின் வாக்குமூலங்கள் இணைக்கப்பட்டுள்ளன (பக்கம் 9, 10). மகனின் ஆதரவு குறித்து இரு அறிக்கைகளும் ஒத்துப்போகவில்லை. உதவித்தொகையை நிறுத்திய ஆணையின் நகல் இக்கோப்பில் இல்லை. நேரடி விசாரணை மேற்கொள்ளலாமா என்பது குறித்து ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.”

இதில் ‘எனத் தெரிகிறது’ எங்கும் கிடையாது. மனுவிலிருந்தும் அறிக்கைகளிலிருந்தும் எடுத்த ஒவ்வொரு வாக்கியத்திலும் சொன்னவர் இருக்கிறார், சொன்ன இடமும் இருக்கிறது. நம்முடைய கருத்து கடைசி வாக்கியத்தில் மட்டும், அதுவும் மேலே உள்ளவர் ஏற்கலாம் தள்ளலாம் என்ற தோரணையில். ‘கடந்த வாரம்’, ‘சமீபத்தில்’ போன்ற சொற்களும் குறிப்பில் கூடாது. மூன்று வருடம் கழித்துக் கோப்பைத் திறப்பவருக்கு எது கடந்த வாரம்? தேதி போடுங்கள்.

இத்தனை கறார் எதற்கு என்று தம்பி கேட்டார், நியாயமான கேள்வி. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் பிரிவு 2(f) ‘தகவல்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் கருத்துகளும் ஆலோசனைகளும் அடக்கம். பிரிவு 2(i)-ன்படி கோப்பும் ஆவணமே. ஆகவே அந்த மூதாட்டியின் பேரனோ பேத்தியோ பத்து ரூபாய்க் கட்டணத்தில் குறிப்புப் பக்கங்களின் நகலைக் கேட்கலாம், விலக்கு பொருந்தாத வரை நாம் கொடுத்தாக வேண்டும். “வசதியான மகன்” என்ற உங்கள் சொல்லை அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து வாசிப்பார்கள். அதை நினைத்துக்கொண்டே எழுதினால் பாதி உரிச்சொற்கள் தாமாக உதிர்ந்துவிடும்.

இப்போது அந்த ஆறாவது வாக்கியத்துக்கு வருகிறேன்: “ஆணையின் நகல் இக்கோப்பில் இல்லை.” பக்க எண் தேடப்போன தம்பிதான் அதைக் கண்டுபிடித்தார். நிறுத்தியதற்கு ஓர் ஆணை இருக்க வேண்டுமே, அதன் பக்கத்தையும் போட்டுவிடலாம் என்று தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. பழைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். மார்ச் மாதக் குறிப்பில் “நிறுத்தலாம்” என்று பிரிவில் எழுதப்பட்டு, கீழே ஒப்புதல் கையெழுத்தும் இருந்தது. அதற்குப் பின் ஒன்றுமில்லை. வரைவும் இல்லை, தூய நகலும் இல்லை, அனுப்புகைப் பதிவேட்டில் பதிவும் இல்லை. பட்டியலில் மட்டும் பெயர் நீக்கப்பட்டிருந்தது.

பயிற்சிக்கு வருபவர்களுக்கு மட்டுமல்ல, பல வருடம் பிரிவில் இருப்பவர்களுக்கும் பிடிபடாத விஷயம் இது. குறிப்பில் அதிகாரி கையெழுத்திட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பச்சித்தர் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: கோப்பில் எழுதப்பட்டது ஆணை ஆகாது; முறைப்படி ஆணையாக வெளியிடப்பட்டு, உரியவருக்குத் தெரிவிக்கப்பட்டால்தான் அது ஆணை. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மனம் மாறலாம். அமைச்சர் ஒருவர் கோப்பில் எழுதியதைப் பற்றியே அப்படிச் சொன்னார்கள் என்றால், நம் மார்ச் மாதக் குறிப்பு எம்மாத்திரம்? மூதாட்டியிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை, எதற்காக நின்றது என்றும் சொல்லவில்லை. காகிதத்தில் அவருடைய உதவித்தொகையை யாருமே நிறுத்தவில்லை.

வட்டாட்சியர் கோப்பைப் பார்த்துவிட்டு, உதவித்தொகையைத் தொடர்ந்து வழங்கவும், தானே நேரில் விசாரிக்கவும் குறிப்பில் ஆணையிட்டார். அடுத்து மனுதாரருக்குக் கடிதம். வரைவையும் தம்பியே எழுதினார். குறிப்பு இப்போது கைவந்துவிட்டது, ஆனால் அந்தக் குறிப்பையே கடிதமாக மாற்றிவிட்டார்! இரு அறிக்கைகளும் முரண்படுவது, பழைய கோப்பில் நடைமுறை பின்பற்றப்படாதது, பக்க எண் உட்பட எல்லாம் கடிதத்தில் இருந்தது.

குறிப்பு நாம் யோசிக்கும் இடம். கடிதம் முடிவைச் சொல்லும் இடம். அதில் ‘நான்’ என்று வந்தால் அது கையெழுத்திடும் அலுவலர், எழுதும் நீங்கள் அல்ல. கடிதத்தின் மேலே வரும் ‘பார்வை’ வரியில் ஒரு தாளைக் குறிப்பிட்டால் அதை நம்பித்தான் முடிவெடுத்தோம் என்று பொருள், நகலைக் கேட்கவும் வழி திறக்கிறது. கடிதத்தில் பயன்படாத தாளைப் பழக்கதோஷத்தில் பார்வையில் ஏற்றக் கூடாது. கடைசியில் போனது இதுதான்:

“பொருள்: சமூகப் பாதுகாப்பு – முதியோர் உதவித்தொகை – (கிராமம்) – (பெயர்) – மீண்டும் வழங்கக் கோரியது – தொடர்பாக.
பார்வை: தங்களின் மனு, நாள் 3.6.2024.

பார்வையில் காணும் தங்களின் மனு பரிசீலிக்கப்பட்டது. தங்களுக்கு முதியோர் உதவித்தொகை தொடர்ந்து வழங்க ஆணையிடப்பட்டுள்ளது. தங்களின் தகுதி குறித்து 16.7.2024 காலை 11 மணிக்குத் தங்கள் இல்லத்தில் விசாரணை நடைபெறும். அன்று இல்லத்தில் இருக்குமாறும், தங்கள் வசம் உள்ள ஆவணங்களைக் காண்பிக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

பொருளில் வரும் அந்தக் கோடுகளைப் பார்த்துப் பலர் சிரிப்பார்கள். பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடியும் வரிசை அது: துறை, திட்டம், ஊர், ஆள், கோரிக்கை. நான்கு வருடம் கழித்து ஒருவர் தேடும்போது முதலில் எதை நினைப்பாரோ அது முதலில் நிற்கிறது. ‘தெரிவிக்கலாகிறது’, ‘ஆவன செய்யப்படும்’ போன்ற சொற்களைத் தம்பி ஆசையோடு சேர்த்திருந்தார். எடுத்துவிட்டேன். அந்தக் கடிதத்தை மூதாட்டிக்கு யாரோ வாசித்துக் காட்டப்போகிறார்கள். பதினோரு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தாக வேண்டும். மேலதிகாரிக்குப் போகும் கடிதம் என்றால் நடை வேறு, அங்கே பணிவுச் சொற்களுக்கு இடம் உண்டு.

பயிற்சிக்கு வருபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதுவது மாதிரி வரைவு. அதைப் பிரிவு உதவியாளர்தான் தன் பெயரில் கோப்பில் ஏற்ற வேண்டும். மின் அலுவலகத்தில் மஞ்சள் குறிப்பு வரைவு நிலையில் இருப்பது, திருத்தலாம். பச்சைக் குறிப்பாக உறுதி செய்துவிட்டால் பிறகு கை வைக்க முடியாது. “அண்ணே வேலையா இருக்கார், பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், நானே போட்டுடறேன்” என்று ஒருபோதும் உட்காராதீர்கள். அந்தக் குறிப்பு யார் பெயரில் நிற்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டி வரும். கோப்புத் தாளைக் கைபேசியில் படம் பிடித்து வீட்டில் எழுதலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

தம்பி கடைசி வாரத்தில் எழுதிய ஒரு குறிப்பு என் மேசைக்கு வந்தது. நடுவில் ஓரிடத்தில் “(பக்கம்     )” என்று வெற்றிடம் விட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “இந்தத் தாள் கோப்பில் இல்லை சார். கேட்டு வாங்கிய பிறகு போடுகிறேன்.”