ஜாடிக்குள் இருப்பது மேகமா, புகையா?

"டீச்சர், அது மேகம் இல்லை. நீங்க உள்ளே விட்ட ஊதுபத்திப் புகைதான்."

ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் இதைச் சொன்னபோது மற்ற பிள்ளைகள் கைதட்டி முடித்திருந்தார்கள். போடி பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. கண்ணாடி ஜாடிக்குள் மேகம் செய்து காட்டுவதைப் பல வருடங்களாகச் செய்கிறேன். இப்படி ஒரு பிள்ளை மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவனுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவன் சொன்னது தவறு என்று காட்ட என்னிடம் எந்தச் சோதனையும் இல்லை.

நான் அன்று செய்தது எல்லோரும் செய்வதுதான். ஊறுகாய் போட்டு வைக்கும் வாயகன்ற கண்ணாடி ஜாடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி, வாயை ஒரு எவர்சில்வர் தட்டால் மூடி, தட்டின் மேல் ஜூஸ் கடையில் வாங்கிய ஐஸைப் போட்டு வைத்தேன். இரண்டு நிமிடம் கழித்துத் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி, ஊதுபத்திப் புகையை உள்ளே விட்டு மறுபடி மூடினேன். பின்னால் கறுப்புச் சார்ட், பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம். உள்ளே வெள்ளையாகச் சுழன்றது. புகை விட்டதும் வெள்ளையாக எதுவோ சுழல்கிறது என்றால் அதைப் புகை என்று நினைப்பதுதானே இயல்பு?

மறுநாள் அவனையே கூப்பிட்டு, ஒரே அளவுள்ள மூன்று ஜாடிகளை எடுத்து வைக்கச் சொன்னேன். முதலாவதில் வெந்நீரும் மேலே ஐஸும், புகை கிடையாது. இரண்டாவது நன்றாகத் துடைத்துக் காயவைத்த ஜாடி. அதில் புகையும் ஐஸும், தண்ணீர் கிடையாது. மூன்றாவதில் எல்லாமே. மூன்றையும் ஒரே கறுப்புச் சார்ட்டுக்கு முன்னால் வைத்து, டார்ச்சை அவன் கையில் கொடுத்தேன்.

இரண்டாவது ஜாடியில் நீலம் கலந்த மெல்லிய படலம் தெரிந்தது. அதுதான் புகை. புகைத் துகள்கள் மிகச் சிறியவை, நீல வெளிச்சத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும். மூன்றாவதில் இருந்தது நல்ல வெள்ளை, அடர்த்தியும் பல மடங்கு. நீர்த்துளிகள் துகள்களைவிடப் பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், அதனால் வெண்மை. இரண்டிலும் விட்ட புகை ஒரே அளவு. கூடுதலாகத் தெரிந்த வெள்ளை தண்ணீரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இதைப் பையன் ஒப்புக்கொண்டான். ஆனால் முதல் ஜாடியைக் காட்டி, "இதுல புகையே விடலை, ஆனாலும் லேசா மூட்டமா இருக்கே?" என்றான்.

அவன் பார்த்தது சரி. புகை விடாத ஜாடியிலும் கொஞ்சம் மூட்டம் வரத்தான் செய்யும். நம் வகுப்பறைக் காற்றில் ஏற்கெனவே தூசி இருக்கிறது. நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. அது குளிர்ந்தாலும் வெறும் காற்றில் எளிதில் துளியாகாது, ஒட்டிக்கொள்ள ஏதாவது ஒரு துகள் வேண்டும். தூசி, புகை, கடல் உப்பு, எதுவானாலும் போதும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன் 1880-ல் இதைத்தான் காட்டினார். ஒரு கண்ணாடிக் கலத்தில் சாதாரண அறைக் காற்று, இன்னொன்றில் பஞ்சின் வழியாக வடிகட்டிய காற்று. இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். முதல் கலம் மூடுபனியால் நிறைந்தது, இரண்டாவது தெளிவாகவே இருந்தது. பஞ்சு பிடித்து வைத்துக்கொண்டது தூசியை மட்டும்தான்.

செய்யப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. கொதிக்கும் தண்ணீரை ஊறுகாய் ஜாடியில் ஊற்றாதீர்கள். ஒருமுறை அப்படி ஊற்றி, ஜாடியின் அடி வட்டமாகக் கழன்று, தண்ணீர் மேசையெல்லாம் ஓடியது. முன்வரிசைப் பிள்ளைகள் தள்ளி நின்றதால் யாருக்கும் சுடவில்லை. அது ஆய்வகக் கண்ணாடி இல்லை, சூட்டைத் திடீரென்று தாங்காது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரால் ஜாடியை அலசிக்கொண்டு, பிறகு 50 டிகிரி அளவில் வெந்நீர் ஊற்றினால் போதும். அதைவிடச் சூடாக ஊற்றினால் சுவரெல்லாம் வியர்த்து, உள்ளே நடப்பதும் தெரியாமல் போகும். இணையக் காணொளிகளில் புகைக்குப் பதிலாகத் தலைமுடி ஸ்பிரேயை அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எளிதில் தீப்பற்றும். தீக்குச்சியோ ஊதுபத்தியோ இருக்கும் மேசையில் அதற்கு இடமே கிடையாது. வீசிங் உள்ள பிள்ளைகளை ஜன்னல் பக்கம் நிறுத்திவிடுங்கள். புகையும் இரண்டு விநாடிக்கு மேல் வேண்டாம். அதிகம் விட்டால் பையன் சொன்னபடி நீங்கள் காட்டுவது வெறும் புகையாகத்தான் இருக்கும்.

சரி, மூன்று ஜாடியோடு அவன் சந்தேகம் தீர்ந்ததா? முழுவதும் தீரவில்லை. "வானத்துல ஐஸ் தட்டு யார் வச்சா?" என்று கேட்டான். இந்தச் செய்முறையின் பெரிய குறையே அதுதான். மேலே ஏதோ குளிர்ந்த மூடி இருப்பதால்தான் மேகம் உண்டாகிறது என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் பெரும்பாலான மேகங்களில் காற்று தானாகவே குளிர்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும், காற்று விரியும், விரியும்போது குளிரும். சைக்கிள் பம்பில் காற்றை அமுக்கும்போது பம்பின் அடி சுடுவதும், டியூபிலிருந்து பீறிட்டு வரும் காற்று விரலுக்குச் சில்லென்று இருப்பதும் இதே காரணத்தால்தான்.

அதனால் ஐஸே இல்லாத இன்னொரு முறைக்குப் போனோம். மருந்துக் கடையில் கிடைக்கும் ரப்பர் கையுறை ஒன்று, அதன் விளிம்பை இழுத்து மாட்டும் அளவு வாயுள்ள பெரிய ஜாடி ஒன்று. ஜாடியில் கால் டம்ளர் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தோம். உள்ளே இருக்கும் காற்று நீராவியால் நிறைய வேண்டும். பிறகு கையுறையின் விரல்கள் ஜாடிக்குள் தொங்கும்படி விளிம்பை வாயில் இறுக்கமாக மாட்டினோம். பையன் கையை அதற்குள் நுழைத்து, விளிம்பு கழலாமல், சட்டென்று வெளியே இழுத்தான்.

ஒன்றும் ஆகவில்லை. அவன் முகம் வாடியது. ஒன்றும் ஆகாததையும் நோட்டில் எழுதிக்கொள் என்றேன்.

கையுறையைக் கழற்றி, எரியும் தீக்குச்சி ஒன்றை உள்ளே போட்டேன். தண்ணீரில் பட்டு அணைந்து, இழையாகக் கொஞ்சம் புகை எழுந்தது. உடனே கையுறையை மாட்டினோம். அவன் இழுத்ததும் ஜாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. கையைத் தளர்த்தினான், பளிச்சென்று தெளிந்தது. மறுபடி இழுத்தான், வெள்ளை. விட்டான், தெளிவு. பத்துப் பன்னிரண்டு தடவை செய்தான், நான் நிறுத்தச் சொல்லவில்லை.

அவனே சொன்னான், "புகைன்னா விட்டதும் மறையாது டீச்சர்."

நான் தேடிக்கொண்டிருந்த சோதனை அதுதான். கையை இழுக்கும்போது உள்ளே காற்று விரிந்து சில டிகிரி குளிர்கிறது, நீராவி புகைத் துகள்களைப் பற்றித் துளியாகிறது. தளர்த்தும்போது காற்று அமுங்கிச் சூடாகிறது, துளிகள் மறுபடி நீராவியாகிவிடுகின்றன. புகை இரண்டு நிலையிலும் அதே அளவுதான் உள்ளே இருக்கிறது. வந்து வந்து மறைவது தண்ணீர் மட்டுமே.

இந்த முறையில் பெரும்பாலும் தவறுவது விளிம்பில்தான். சிறிது இடைவெளி இருந்தாலும் இழுக்கும்போது வெளிக்காற்று உள்ளே வந்துவிடும், விரிவும் இருக்காது, குளிர்ச்சியும் இருக்காது. கையை விட்டதும் கையுறை தானாக ஜாடிக்குள் சுண்டிப் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் எங்கோ கசிகிறது. அப்புறம், ஐந்து பத்து நிமிடத்தில் மேகம் மங்கிக்கொண்டே வந்து நின்றுவிடும். பையன் கையுறை ஓட்டையாகிவிட்டது என்று நினைத்தான். ஓட்டை எதுவும் இல்லை, துகள்கள்தான் கீழே படிந்துவிட்டன. இன்னொரு தீக்குச்சி போட்டதும் மேகம் திரும்பியது.

1875-ல் பிரான்சில் பால் கூலியே என்பவர் ஏறக்குறைய இதே கருவியை வைத்திருந்தார். கொஞ்சம் தண்ணீருள்ள குடுவை, அதோடு இணைத்த ரப்பர் பந்து. பந்தை அமுக்கி விட்டால் குடுவைக்குள் மூட்டம் வரும். ஆனால் ஒரே காற்றை வெகுநேரம் அடைத்து வைத்தால் மூட்டம் நின்றுவிடுவதையும், புதிய அறைக் காற்று உள்ளே போனதும் திரும்புவதையும் அவர் கவனித்தார். காற்றில் ஏதோ தேவைப்படுகிறது என்று அவர் கண்டது அப்படித்தான். எங்கள் பையன் ஓட்டை என்று நினைத்துத் தடவிப் பார்த்த அதே இடத்தில் அவரும் நின்றிருக்கிறார். இதைச் சொன்னபோது அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவன் நின்றான். எங்கள் பள்ளி மைதானத்திலிருந்து மேற்கே பார்த்தால் போடிமெட்டு மலைமுகடு தெரியும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்த முகடு முழுக்க மேகம் குவிந்து, எங்கள் பக்கம் வழிவதுபோல நிற்கும். ஊருக்குள் மட்டும் இறங்கவே இறங்காது. அந்தப் பக்கம் மூணாறில் மழை கொட்டும், இங்கே வெறும் காற்று அடிக்கும். அவன் அதைக் காட்டி, "அது கையுறையை விடுற பக்கமா டீச்சர்?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். கேரளப் பக்கம் காற்று மலையேறும்போது விரிந்து குளிர்ந்து மேகமாகிறது, தண்ணீரில் பெரும்பங்கை அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது. மிச்சத் துளிகளும் கரைந்துவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் இறக்கத்துக்கும் சுமார் 10 டிகிரி சூடேறும். போடிமெட்டுக்கும் போடிக்கும் உயர வித்தியாசமே ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். புவியியல் பாடத்தில் மழை மறைவுப் பகுதி என்று படிப்பது இதைத்தான்.

மேகம் வழிந்து நிற்பதாகத் தெரியும் அந்த விளிம்பில் உண்மையில் எதுவும் நிற்பதில்லை. பின்னாலிருந்து புதிய துளிகள் வந்துகொண்டே இருக்கின்றன, முன்னால் வந்தவை மறைந்துகொண்டே இருக்கின்றன. அவன் நோட்டை எடுத்து, மேகத்தின் கீழ் விளிம்பு எந்தப் பாறைக்கு நேராக இருக்கிறது என்று படம் போட்டு, பக்கத்தில் மணி 4.20 என்று எழுதிக்கொண்டான்.