ஈரத்தில் ஒளிந்துகொள்ளும் நரை

லிட்டில் இந்தியாவில் நான் நடத்தும் அழகு நிலையத்தில், தலையை அலசி எழுந்து கண்ணாடியைப் பார்க்கும் வாடிக்கையாளர்களிடம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: “ஐயோ, ரொம்பக் கறுப்பாப் போச்சே, தங்கச்சி!” இளம் பழுப்பு கேட்டவருக்குக் கண்ணாடியில் தெரிவது கிட்டத்தட்டக் கறுப்பு. முடி காய்ந்ததும் கேட்ட நிறம் தெரிந்துவிடும் என்பதால் இந்தப் பதற்றம் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. ஆனால் அதே ஈரம் சாயம் பூசுகிறவரையும் ஏமாற்றும். நரை உள்ள தலையில் அப்படி ஏமாந்தால், சாயம் பிடிக்கும் முன்பே அதை அலசிவிடுவோம். வீட்டில் தாமே சாயம் பூசிக்கொள்கிறவர்களுக்கும் இது நேர்கிறது என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காய்ந்த முடியின் மேல் விழும் ஒளி முழுவதும் உள்ளே போவதில்லை. முடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.55, காற்றினுடையது 1. இந்த வேறுபாட்டினால், நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. அந்த ஒளி சாயத்தைத் தொடாமல் திரும்புவதால் அதில் சாயத்தின் நிறம் இல்லை. அது வெறும் வெள்ளை ஒளி. ஓட்டு வீட்டுக் கூரை போல அடுக்கடுக்காக அமைந்த செதில்களும், இழைகளுக்கு இடையே உள்ள காற்றும் அந்த ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கின்றன. நாம் காணும் காய்ந்த நிறம் என்பது, சாயத்தின் நிறத்தோடு இந்த வெள்ளை ஒளியும் கலந்து வெளிறிய நிறம்தான்.

தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, அது முடியின் எண்ணுக்கு நெருக்கமானது. செதில்களின் இடுக்குகளில் தண்ணீர் நிரம்பும்போது, முடியின் பரப்பில் திரும்பும் ஒளி நூற்றுக்கு ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடுகிறது. மற்றது உள்ளே போய், சாயத்துக்குள் கூடுதல் தூரம் பயணம் செய்து, அங்கேயே உறிஞ்சப்படுகிறது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகிவிடுவதால் ஒளி ஒன்றன்பின் ஒன்றாகப் பல இழைகளைக் கடக்க நேர்கிறது. அதுவும் நிறத்தை அடர்த்தியாக்குகிறது. நனைந்த மணலும் நனைந்த பருத்திப் புடவையும் அடர்ந்து தெரிவதற்கும் இதுவே காரணம். என் அனுபவத்தில், நல்ல நிலையில் உள்ள முடி ஈரத்தில் சாய அட்டையின் எண்ணில் ஒரு படி அடர்ந்து தெரியும். ப்ளீச் செய்து துளை விழுந்த முடி இரண்டு படி வரைகூட அடர்ந்து தெரியும், ஏனெனில் அதன் உள்ளே இருக்கும் நுண்ணிய வெற்றிடங்களையும் தண்ணீர் நிரப்பிவிடுகிறது.

நரை முடிக்கு வருவோம். நரை முடியில் வெள்ளை நிறமி என்று எதுவும் கிடையாது. நிறமியே இல்லாத, ஏறக்குறைய நிறமற்ற இழை ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. சிதறலைத் தண்ணீர் குறைத்துவிட்டால் வெண்மையும் குறைந்துவிடும். வெள்ளை வேட்டி நனைந்தால் அதன் வெண்மை மங்கி, கீழே உள்ளது தெரியத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நனைந்த நரையும் அப்படித்தான் கண்ணாடி இழை போலாகி, பக்கத்தில் இருக்கும் கருமுடியின் நிறத்துக்குள் கரைந்துவிடுகிறது. ஆகவே, அரைகுறையாகச் சாயம் பிடித்த நரையை ஈரத்தில் கண்ணால் பிடிப்பது மிகவும் கடினம்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதில் தவறினேன். ஐம்பது வயதைக் கடந்த ஓர் அக்கா, தீபாவளிக்கு முதல் நாள் மாலை வந்தார். உச்சியில் நரை குறைவு. இரு காதோரங்களிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பாதிக்கு மேல் வெள்ளை. எண் 5, அதாவது இளம் பழுப்புச் சாயத்தை, 6 சதவீத டெவலப்பருடன் சம அளவில் கலந்து பூசினேன். பெட்டியில் குறித்திருந்த நேரம் 35 நிமிடம். இருபதாவது நிமிடத்தில் காதோரத்தை ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். காப்பி டிகாக்ஷன் போல அடர்ந்து, ஒரே சீராக இருந்தது. அக்காவும் அவசரப்படுத்தினார். இதற்கு மேல் விட்டால் கறுத்துவிடும் என்று எண்ணி அலசிவிட்டேன்.

ஹேர் டிரையரைப் பிடித்ததும், காய்ந்துகொண்டே வந்த காதோரத்தில் வைக்கோல் நிறத்தில் இழைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. “என்னம்மா, வெள்ளை அப்படியே தெரியுதே?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. நிரந்தரச் சாயத்தின் சிறிய மூலக்கூறுகள் முடிக்குள் நுழைந்து, அங்கே ஒன்றோடொன்று இணைந்து பெரிதான பிறகே நிலையான நிறமாகின்றன. அந்த வேலைக்குத்தான் 35 நிமிடம் கொடுக்கப்பட்டிருந்தது. நான் பதினைந்து நிமிடத்தைப் பறித்துவிட்டேன். அவர் தலைத்தோலில் எரிச்சல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, காதோரங்களுக்கு மட்டும் புதிதாகக் கலந்து பூசி, இம்முறை முழு நேரமும் விட்டேன். அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர இரவாகிவிட்டது. பண்டிகைக்கு முந்திய மாலை அவருக்கு என்னால் வீணானதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அன்றிலிருந்து ஈர முடியைப் பார்த்து நான் முடிவெடுப்பதில்லை. குறித்த நேரம் முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பு, நரை அதிகமுள்ள இடத்திலிருந்து பென்சில் பருமனில் ஒரு கற்றையைப் பிரித்து, ஈரப் பஞ்சால் சாயத்தைத் துடைத்தெடுத்து, டவலால் ஒற்றி, மிதமான சூட்டில் காய வைக்கிறேன். பிறகு அதன் அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறேன். கடையின் மஞ்சள் விளக்கு பழுப்பை இன்னும் செம்மையாகக் காட்டும் என்பதால் அதை நம்புவதில்லை. வெளிறிய இழைகள் தெரிந்தால் அந்த இடத்தில் மறுபடி சாயத்தைத் தடவி, பெட்டியில் சொல்லியிருக்கும் அதிகபட்ச நேரத்தைத் தாண்டாமல் காத்திருக்கிறேன்.

கற்றை உண்மையில் காய்ந்துவிட்டதா என்பதிலும் சிங்கப்பூரில் கவனம் வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில், டவலால் துவட்டிய முடி மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். மழைக்காலத்தில் வீவக வீட்டு மூங்கில் கழியிலிருந்து எடுத்த துணியைக் கன்னத்தில் வைத்தால் ஒரு குளிர்ச்சி தெரியுமே, அதே குளிர்ச்சி முடியிலும் தெரிந்தால் இன்னும் ஈரம் போகவில்லை என்று பொருள். டிரையரின் சூடு ஆறியபின் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலில் ஒட்டாமல் இழை இழையாகப் பிரிந்து விழுந்தால் காய்ந்துவிட்டது.

நன்றாகக் காய்ந்த பிறகும் நிறம் அடர்ந்தே இருந்தால் குற்றம் ஈரத்தின் மேல் இல்லை. பெரும்பாலும் வேரில் சரியான நிறமும் நுனியில் கறுப்பும் இருக்கும். ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து நுனிவரை பூசிய பழைய சாயம் அங்கே அடுக்கடுக்காகத் தங்கியிருக்கிறது. அதன்மேல் இளம் பழுப்பைப் பூசுவதால் பயன் இல்லை, ஏனெனில் ஒரு சாயம் இன்னொரு சாயத்தை வெளுக்காது. வேர் வளர்ச்சிக்கு மட்டும் பூசிவந்து, கறுத்த நுனியைச் சிறிது சிறிதாக வெட்டிவிடுவதையே நான் சொல்வது வழக்கம். வேறு எதுவும் சேர்க்காத மருதாணி பூசியவர்களின் கணக்கு வேறு: அலசிக் காய்ந்த அன்று பளிச்சென்ற செம்மஞ்சளாகத் தெரியும் நிறம், காற்றுப் பட்டு அடுத்த ஓரிரு நாளில் அடர்ந்துவிடும். அதனால் மருதாணித் தலையின் நிறத்தை மூன்றாம் நாள் வந்து காட்டச் சொல்கிறேன்.