சைக்ளின் அழியாவிட்டால் செல் பிரிவு முடியாது

பிரிந்துகொண்டிருக்கும் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால், உட்கருவின் உறை இருக்காது. குரோமோசோம்கள் தடித்துச் சுருங்கி நடுவில் வரிசை கட்டி நிற்கும். செல்லை இந்த நிலைக்குக் கொண்டுவந்து, அதிலேயே பிடித்து வைத்திருப்பது சிடிகே1 என்ற என்சைம். நூற்றுக்கணக்கான புரதங்களின் மீது அது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. ஆனால் தனியாக அதனால் எதுவும் செய்ய முடியாது. சைக்ளின் பி என்ற இன்னொரு புரதம் ஒட்டினால்தான் வேலை செய்யும். ஆகவே செல் பிரிவை முடித்து வெளியே வர, சைக்ளினை ஒழித்தாக வேண்டும்.

இந்த அழிவு முதலில் கண்ணில் பட்டது 1982-ல். டிம் ஹண்ட், கருவுற்ற கடல் முள்ளெலி முட்டைகளுக்குக் மெதியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கதிரியக்க வடிவில் கொடுத்து, புதிதாக உருவாகும் புரதங்களை ஜெல்லில் பிரித்துப் பார்த்தார். நேரம் போகப்போக எல்லாப் பட்டைகளும் அடர்த்தியாகிக்கொண்டே போயின. ஒன்று மட்டும் ஒவ்வொரு பிரிவின்போதும் சட்டென்று மங்கி, பிறகு மறுபடி வளர்ந்தது. அதுதான் சைக்ளின்.

மங்குவது வெறும் விளைவா, அல்லது மங்கினால்தான் செல் வெளியேற முடியுமா? ஆண்ட்ரூ முர்ரேயும் மார்க் கிர்ஷ்னரும் 1989-ல் இதற்கு விடை கண்டார்கள். தவளை முட்டைகளின் சாற்றைச் சோதனைக் குழாயில் எடுத்தால், அதற்குள்ளேயே பிரிவுச் சுழற்சி நடக்கும். அதில் சைக்ளினின் முதல் 90 அமினோ அமிலங்களை வெட்டிவிட்டு, மீதியைச் செலுத்தினார்கள். வெட்டுப்பட்ட சைக்ளின் என்சைமை வழக்கம்போல இயக்கியது, ஆனால் அழியவே இல்லை. சாறு பிரிவு நிலையிலேயே உறைந்து நின்றது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரே ஒரு வெட்டில் காரணத்தையும் விளைவையும் தனித்தனியாகக் காட்டிவிட்டது.

வெட்டப்பட்ட அந்தப் பகுதியில்தான் 'அழிவுப் பெட்டி' இருக்கிறது. ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டு அது. தொடக்கத்தில் ஆர்ஜினின், நடுவில் இரண்டு இடம் விட்டு லியூசின். இதைப் படித்தறிவது ஏபிசி என்ற அனாஃபேஸ் ஊக்கக் கூட்டுப்புரதம். மனித செல்லில் 14 வகைப் புரதங்கள் சேர்ந்த பெரிய அமைப்பு இது. சிடிசி20 என்ற துணைப்புரதம் அதோடு சேர்ந்ததும், இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் அழிவுப் பெட்டி வந்து பொருந்துகிறது. உடனே ஏபிசி, யூபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தைச் சைக்ளினில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிடுகிறது. ஏபிசி நேரடியாக எதையும் அரைப்பதில்லை, அடையாளம் மட்டுமே இடுகிறது. அந்தச் சங்கிலியைப் பார்த்துச் சைக்ளினை இழுத்து நறுக்குவது புரோட்டியாசோம். சிடிகே1 அழிவதில்லை. துணையை இழந்து செயலற்றுப் போகிறது. பிறகு பாஸ்பேட்டேஸ்கள் பாஸ்பேட்டுகளைக் கழற்ற, உட்கரு உறை மீண்டும் உருவாகிறது.

இதில் விசித்திரமான ஒன்று உண்டு. ஏபிசி மீது பாஸ்பேட் ஏறினால்தான் சிடிசி20 அதில் சரியாக ஒட்டும். அந்தப் பாஸ்பேட்டை ஏற்றுவதில் முதன்மையான பங்கு சிடிகே1-க்குத்தான். அதாவது, தன்னை முடக்கப்போகும் அமைப்பைத் தானே எழுப்புகிறது.

அப்படியென்றால் ஏன் உடனே எல்லாம் முடிந்துவிடுவதில்லை? குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர் இழையில் சரியாக மாட்டிக்கொள்ளாத ஒரே ஒரு குரோமோசோம் இருந்தாலும், இழை மாட்டும் இடமான அதன் கைனட்டோகோரில் மேட்2 உள்ளிட்ட புரதங்கள் சேர்ந்து சிடிசி20-ஐப் பிடித்துக்கொள்ளும். கடைசிக் குரோமோசோமும் மாட்டிய பிறகுதான் பிடி தளரும். அப்போது சைக்ளினோடு செக்யூரினும் அழிகிறது. செக்யூரின் போனதும் செப்பரேஸ் என்சைம் விடுபட்டு, குரோமோசோம் இணைகளைக் கட்டியிருக்கும் வளையத்தை வெட்டுகிறது. குரோமோசோம்கள் பிரிவதும் செல் பிரிவிலிருந்து வெளியேறுவதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். அழியாத சைக்ளினை அளவோடு கொடுத்த செல்களில் குரோமோசோம்கள் பிரிந்து போகின்றன, ஆனால் செல் அங்கேயே நின்றுவிடுகிறது.

சைக்ளின் குறைந்த பிறகு சிடிஹெச்1 என்ற வேறொரு துணைப்புரதம் சிடிசி20-இன் இடத்துக்கு வருகிறது. அதுவரை அதன் மேல் பாஸ்பேட்டை ஏற்றி ஒதுக்கி வைத்திருந்தது சிடிகே1. பிரிவு முடிந்த பிறகும் சிடிஹெச்1 பல மணி நேரம் சைக்ளினைத் தலைதூக்க விடாமல் பார்த்துக்கொள்கிறது.

சிடிசி20-ஐப் பிடித்து வைக்கும் காவலும் முழுமையானதல்ல. டாக்ஸால் போன்ற புற்றுநோய் மருந்துகள் கதிர் இழைகளின் இயக்கத்தைக் குலைக்கும்போது, செல் மணிக்கணக்கில் பிரிவிலேயே சிக்கி நிற்கும். அப்போதும் சைக்ளின் பி துளித்துளியாக அழிந்துகொண்டேதான் இருக்கும். ஒளிரும் புரதத்தை அதோடு இணைத்துப் பார்த்தால், ஒளி மெல்ல மங்குவது தெரியும். அளவு ஒரு எல்லைக்குக் கீழே இறங்கியதும், குரோமோசோம்களைப் பங்கிடாமலேயே செல் வெளியேறிவிடும், இரட்டிப்புக் குரோமோசோம்களோடு.