மதிய நேரத்தில் கவுன்ட்டர் காலியாவது எங்கே?

எங்கள் ரிசப்ஷனில் மூன்று பேர். சாப்பாட்டு நேரம் ஆளுக்கு 45 நிமிடம். பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன்: ஒருவருக்கு 12:15 முதல் 1:00 வரை, அடுத்தவருக்கு 1:00 முதல் 1:45 வரை, மூன்றாமவருக்கு 1:45 முதல் 2:30 வரை. எந்த நேரத்திலும் இரண்டு பேர் இருப்பார்கள் என்று கணக்கு. ஆனால் மதியம் வந்த மூன்று பேர், "யாருமே இல்லையே, உள்ளே போய்த்தான் ஆள் தேட வேண்டியிருந்தது" என்று ஒரே வாரத்தில் சொல்லிவிட்டார்கள்.

சரி, நேரிலேயே பார்ப்போம் என்று இரண்டு நாள் மதியம் ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன். 1:00 மணிக்கு இரண்டாமவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அது அவருடைய நேரம். முதலாமவர் கை கழுவிவிட்டு வந்து சேர்ந்தபோது 1:07. அந்த ஏழு நிமிடமும் கவுன்ட்டரில் ஒருவர்தான். வந்தவர் ஒருவருக்கு ஒரு நகல் எடுத்துத் தர அவரும் உள்ளே போனார். அவ்வளவுதான், கவுன்ட்டர் காலி. 1:45க்கும் இதே கதை.

ஓட்டை இருந்தது ஒரு முறை முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த ஒட்டில். ஒருவர் திரும்பும் நேரத்தையும் அடுத்தவர் கிளம்பும் நேரத்தையும் ஒரே புள்ளியில் வைத்தால், யார் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் ஆள் குறையும். அதனால் நடுவில் பத்து நிமிடம் விட்டேன். இப்போது 11:45 முதல் 12:30, 12:40 முதல் 1:25, 1:35 முதல் 2:20. மொத்தத்தில் இருபது நிமிடம்தான் கூடியது. திரும்பி வந்தவர் இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் அடுத்தவர் எழ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து எழக் கூடாது.

அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொரு வேலையும் நடக்கும். யார் எதற்காகக் காத்திருக்கிறார், யாரைத் திரும்ப அழைப்பதாகச் சொல்லியிருக்கிறோம் என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பணப்பெட்டி இருந்தால் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப் போவதே நல்லது. ஒரே பெட்டியில் மூன்று கை புழங்கினால், மாலையில் கணக்கு இடித்தால் யாரைக் கேட்பது?

தாமதம் இன்னொரு வழியாகவும் வருகிறது. கிளம்ப மூன்று நிமிடம் இருக்கும்போது ஒரு நீளமான விவகாரத்தோடு ஒருவர் வந்து நிற்பார். அவரை அனுப்பி முடிக்க இருபது நிமிடம். அப்புறம் அடுத்த இருவரின் சாப்பாடும் தள்ளிப் போகும். அதனால் தன் முறைக்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து புதிதாக யாரையும் ஏற்பதில்லை, பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார் என்று வைத்தோம். இந்த ஒரு விதி பழக்கத்துக்கு வரத்தான் அதிக நாள் பிடித்தது. எதிரில் நிற்பவரிடம் "அவரிடம் போங்கள்" என்று சொல்ல எல்லோருக்கும் கூச்சம்.

கவுன்ட்டரிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிடுவதை ஆள் இருப்பதாக நான் கணக்கில் சேர்ப்பதில்லை. வருபவர் தயங்குவார், சாப்பிடுபவருக்கும் அது ஓய்வு ஆகாது. இடைவேளை என்றால் கவுன்ட்டர் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட வேண்டும்.

ஒருவர் விடுப்பில் இருக்கும் நாள்தான் சிக்கல். இரண்டு பேரில் ஒருவர் சாப்பிடப் போனால் மிஞ்சுவது ஒருவர், அவர் கழிவறைக்குக்கூட எழ முடியாது. அன்று 12:00 முதல் 12:45, 12:55 முதல் 1:40 என்று இரண்டு முறைதான். அந்த நேரம் முழுக்கக் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து உட்காருவார். அவரிடம் கேட்பது மூன்றே வேலை: வந்தவரை உட்கார வைப்பது, பெயரும் காரணமும் குறித்துக்கொள்வது, தொலைபேசியில் தகவல் வாங்கி வைப்பது. பணத்தைத் தொட வேண்டாம், பதிலும் சொல்ல வேண்டாம். தெரியாததைச் சொல்லிவிட்டால் அதைச் சரிசெய்யவே அரை மணி நேரம் போகும். யார் வருவார் என்பதைக் காலை பத்து மணிக்குள் முடிவு செய்துவிடுகிறோம். பன்னிரண்டு மணிக்குத் தேடினால் அவரே சாப்பிடப் போயிருப்பார்.

முறையை வாரத்துக்கு ஒருமுறை சுழற்றுகிறோம், ஏனென்றால் 1:35 யாருக்கும் பிடிக்காத நேரம். கடைசி முறைக்காரருக்கு 11:30க்குப் பத்து நிமிடம் தனியாக விடுவதும் உண்டு. எங்களில் ஒருவர் நேரத்துக்கு மாத்திரை போட்டுச் சாப்பிட வேண்டியவர். அவருக்கு மட்டும் எப்போதும் நடு முறை, மற்ற இருவரும் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். அவர்களிடம் முதலிலேயே கேட்டுவிட்டுத்தான் அப்படி வைத்தேன்.