முப்பதாவது வாரத்தில் நின்றுபோன கேமரா

போன வாரம் ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். குளியலறையில், தலைக்கு நேர் மேலே எரியும் பல்பின் கீழ் நின்று, முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி போனைப் பிடித்து ஒரு படம். அப்புறம் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து, போனை ஐந்தடி தள்ளி மேசையில் வைத்து டைமரில் இன்னொரு படம். இடையில் பத்து நிமிடம்கூட இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ‘முன்’, ‘பின்’ என்று படம் போடும் ஏதோ கிரீம் விளம்பரம் மாதிரி இருந்தது.

காரணம் எளிய கணக்கு. மூக்கு நுனியிலிருந்து காது வரை 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால் காது 42 செ.மீ. தொலைவில் இருக்கும். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெருத்துவிடும். அதே கேமராவை 150 செ.மீ. தள்ளி வைத்தால் 162-ஐ 150-ஆல் வகுக்க வேண்டும், 1.08 மடங்குதான். இரண்டு படங்களுக்கும் இடையில் மூக்கு சுமார் 23 சதவீதம் சுருங்கியிருக்கிறது, கத்தி வைக்காமலே. வெளிச்சமும் இப்படித்தான். மேலிருந்து விழும் வெளிச்சம் கண்ணுக்குக் கீழும் தழும்புக் குழியிலும் நிழலைக் கொட்டும். முன்னால் இருந்து பரவலாக வருவது அந்த நிழலை நிரப்பிவிடும். வேடிக்கை என்னவென்றால், ஜிம் விளம்பரத்தில் இது தலைகீழ்: வயிற்றுத் தசை தெரிய நிழல் வேண்டும், அதனால் பக்கவாட்டு வெளிச்சம் ‘பின்’ படத்துக்குப் போய்விடும்.

இப்படி ஒரு ஜோடிப் படத்தைப் பார்த்தால் முதலில் காதைத் தேடுங்கள். ஒன்றில் காது கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்து, இன்னொன்றில் நன்றாகத் தெரிந்தால், மாறியது கேமராவின் தூரமாக இருக்க வாய்ப்பு அதிகம். தலை திரும்பியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவும் விளக்கும் செய்த வேலை முகத்தின் கணக்கில் குறையாக ஏறிவிடுகிறது.

சரி, தந்திரமே இல்லாமல் உண்மையாகவே உடம்பு மாறினால்? அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சி 2004-இல் தொடங்கிய ‘தி பிக்கஸ்ட் லூசர்’ போட்டியில் எடை குறைந்தது நிஜம். அதன் ஒரு பருவத்தில் கலந்துகொண்ட 14 பேரை, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு, போட்டி முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்து 2016-இல் முடிவை வெளியிட்டது. 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைந்திருந்தார்கள். ஆறு ஆண்டில் அதில் 41 கிலோ திரும்பி வந்துவிட்டது.

இது மட்டும் என்றால் ‘நாக்கைக் கட்டத் தெரியவில்லை’ என்று எவரும் சொல்லிவிடலாம். குழு இன்னொன்றையும் அளந்தது. வெறும் வயிற்றில் அசையாமல் படுத்திருப்பவரின் தலைக்கு மேல் ஒளிபுகும் மூடியைக் கவிழ்த்து, உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடையும் அளப்பார்கள். சும்மா இருக்கும்போது உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று இதில் தெரியும். போட்டிக்கு முன் நாளொன்றுக்குச் சுமார் 2,600 கலோரி. முடிவில் 2,000. இளைத்த உடம்புக்குச் செலவு குறைவதில் வியப்பில்லை. ஆனால் 41 கிலோ திரும்பி ஏறிய பிறகும் அது 1,900-தான். அதே எடை, வயதுள்ள ஒருவரிடம் எதிர்பார்ப்பதைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவு, கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோனும் பழைய அளவுக்கு வரவில்லை. எரிப்பது குறைவு, பசி அதிகம்.

14 பேர் சின்னக் கூட்டம்தான், அவர்களும் அதீதமாக உடற்பயிற்சி செய்தவர்கள். எரிப்பு அதிகம் குறைந்தவர்களே எடையை அதிகம் ஏற்றிக்கொண்டார்கள் என்றும் இல்லை. எடை அதிகம் திரும்பாதவர்களிடம்தான் எரிப்பு கூடுதலாகக் குறைந்திருந்தது. அந்தக் கடும் பயிற்சிக்கு உடம்பு காட்டிய எதிர்வினையாகவே இந்தச் சரிவு இருக்கலாம் என்று ஹாலே பின்னர் எழுதினார். ஆக, ‘எரிப்பு நின்றுபோனதால்தான் குண்டானார்கள்’ என்ற ஒற்றை வரியும் சரியில்லை.

ஆனால் நிகழ்ச்சியின் கதையில் இதற்கெல்லாம் இடமே கிடையாது. அங்கே ‘முன்’ படத்தில் நிற்பவர் தொங்கிய தோளோடு நிற்கிறார், குறை அவருடைய மனத்திடத்தில். ‘பின்’ படம் எடுத்த நாளில் கேமரா நின்றுவிடுகிறது. மறுநாளிலிருந்து ஏறும் ஒவ்வொரு கிலோவும் அவர் கணக்கு.

அதே 2004-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ‘தி ஸ்வான்’ வந்தது. பெண்களுக்கு மூன்று மாதம் கண்ணாடியே காட்டாமல் அறுவைசிகிச்சைகள் செய்து, கடைசியில் திரையை விலக்கி முகத்தைக் காட்டுவார்கள். ஒவ்வொரு வாரமும் இருவர். அழுது முடித்ததும் அவர்களில் ஒருத்தியை மட்டும் அழகிப் போட்டிக்குத் தேர்ந்தெடுப்பார்கள். மற்றவள், அந்தப் புது முகத்தோடு, வீட்டுக்கு.